எந்த மில்லில் நூல் வாங்குவது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். அதன் பர்சேஸ் அறையில் இரண்டு எக்செல் தாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் அதே மூன்று ஸ்பின்னிங் மில்கள், அதே விலை, அதே தர விவரம், அதே டெலிவரிப் பதிவு. வெயிட்டேஜும் ஒன்றுதான்: விலைக்கு 40, தரத்துக்கு 35, டெலிவரிக்கு 25. ஆனால், ஒரு தாளில் 96 மார்க்குடன் முதலிடத்தில் இருக்கும் மில், அடுத்த தாளில் 48 மார்க் வாங்கி இரண்டாமிடத்துக்கு இறங்கியிருக்கிறது. கூட்டலில் பிழை இல்லை. எண்களை யாரும் திருத்தவும் இல்லை.

ரூபாயையும் கிலோவையும் சதவீதத்தையும் அப்படியே கூட்ட முடியாது. கூட்டுவதற்கு முன் மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். அதை இரண்டு பேர் இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள். அந்த ஒரு வேலைதான் ஆர்டர் யாருக்குப் போகும் என்பதை மாற்றிவிட்டது. விலைக்கு எத்தனை சதவீதம், தரத்துக்கு எத்தனை சதவீதம் என்று மணிக்கணக்கில் வாதாடுபவர்கள், இந்த இடத்தை அரை நிமிடத்தில் கடந்துவிடுவதுதான் கவலைக்குரியது.

சப்ளையரைப் பல கோணங்களில் எடைபோட்டுப் பார்க்கும் பழக்கம் புதிதல்ல. 1966இல் அமெரிக்காவில் கேரி டிக்சன் என்ற ஆய்வாளர், சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைப் பார்க்கிறார்கள் என்று கொள்முதல் அதிகாரிகளிடம் கேட்டு 23 அம்சங்களை வரிசைப்படுத்தினார். தரம் முதலிடத்திலும் டெலிவரி இரண்டாமிடத்திலும் வந்தன. விலை அவற்றுக்குப் பின்னால்தான் நின்றது. இன்றும் பெரும்பாலான நிறுவனங்களின் தாளில் விலை, தரம், டெலிவரி என்ற மூன்று தலைப்புகளாவது இருக்கும். சிக்கல் தலைப்புகளில் இல்லை. அவற்றின் கீழ் எழுதும் எண் எங்கிருந்து வருகிறது, அது எப்படி மார்க்காகிறது என்பதில்தான் இருக்கிறது.

இனி நம் மூன்று மில்களைப் பார்ப்போம். க, ச, த என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். வாங்க வேண்டியது டி-ஷர்ட் துணிக்கான 30ஸ் கோம்டு நூல். இங்கே வரும் விலைகளும் அளவுகளும் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. சந்தை நிலவரம் அல்ல.

முதலில் விலை. கொட்டேஷனில் க மில் கிலோவுக்கு 251 ரூபாய் போட்டிருக்கிறது, ச 261, த 268. இந்த எண்களை அப்படியே தாளில் ஏற்றுவது முதல் தவறு. க மில் தொலைவில் இருக்கிறது, லாரி வாடகை கிலோவுக்கு 2.50. பணமும் உடனே கட்ட வேண்டும். நிறுவனம் வழக்கமாக 30 நாள் கடனில் வாங்குகிறது. வங்கிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி கொடுக்கிறது. ஆகவே ஒரு மாதம் முன்கூட்டியே பணம் கட்டுவதன் செலவு கிலோவுக்குச் சுமார் 2.50 ரூபாய். இரண்டையும் சேர்த்தால் க மில் நூலின் உண்மையான விலை 256. ச மில் பக்கத்திலேயே இருக்கிறது, வாடகை 1 ரூபாய், கடன் 30 நாள். அதன் விலை 262. த மில்லுக்கு வாடகை 1.35 ஆகிறது. ஆனால் 45 நாள் கடன் தருகிறார்கள். கூடுதலாகக் கிடைக்கும் 15 நாளின் மதிப்பும் அதே அளவுதான் என்பதால் விலை 268ஆகவே நிற்கிறது. ஜிஎஸ்டி மூவருக்கும் ஒன்றே, அதனால் ஒப்பீட்டில் அதற்கு வேலையில்லை. கொட்டேஷனில் 17 ரூபாயாகத் தெரிந்த இடைவெளி, நூல் வாசலுக்கு வந்து சேரும்போது 12 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

தரத்தை அளப்பது இதைவிடக் கடினம். நூலின் சீர்மை, ஒரு கிலோமீட்டரில் எத்தனை மெல்லிய இடம், எத்தனை தடித்த இடம், எத்தனை முடிச்சு, நூலின் பலம் என்று மில் தன் டெஸ்ட் ரிப்போர்ட்டை அனுப்பிவிடும். அது தேவைதான். ஆனால் அந்த ரிப்போர்ட் மில் தேர்ந்தெடுத்த கோன்களின் கதை. வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது, தன் நிட்டிங் மெஷினிலும் சாயப்பட்டறையிலும் அந்த நூல் எப்படி நடந்துகொண்டது என்பது. எனவே 1000 கிலோ நூல் பின்னினால், நூலின் குறையால் கழிக்க வேண்டி வந்த துணி எத்தனை கிலோ என்று கணக்கு வைப்பது நல்லது.

இதில் "நூலின் குறையால்" என்ற சொல்லைக் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். துணியின் நீளவாக்கில் ஓடும் கோடு பொதுவாக ஊசியின் குற்றம். அதற்கு மில் பொறுப்பல்ல. குறுக்கே விழும் பட்டை பெரும்பாலும் நூலால் வருவது. வெவ்வேறு லாட் நூல்கள் கலந்துவிட்டால் அவை சாயத்தை வெவ்வேறு அளவில் பிடிக்கும், பட்டை பட்டையாகத் தெரியும். ஆனால் மெஷினில் நூலின் இழுவிசை சரியில்லை என்றாலும் பட்டை வரும். சந்தேகம் இருந்தால் கோனை வேறு ஃபீடருக்கு மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பட்டையும் கூடவே இடம் மாறினால் குற்றம் நூலில். அதே இடத்தில் நின்றால் மெஷினில். பஞ்சோடு கலந்து வந்த பாலிபுரொப்பிலீன் சாக்கு இழையோ சாயம் போட்ட பிறகுதான் முகம் காட்டும். அது சாயத்தைப் பிடிக்காது, கருநீலத் துணியில் வெள்ளை முடிபோல நிற்கும். ஆக, கிரே துணியில் மட்டும் குறை எண்ணினால் கணக்கு பாதியில் நின்றுவிடும். நம் உதாரணத்தில் 1000 கிலோவுக்கு க மில் நூலில் 18 கிலோ, ச மில் நூலில் 9 கிலோ, த மில் நூலில் 6 கிலோ கழிந்திருக்கிறது.

டெலிவரிக்குக் கடந்த ஓராண்டின் ரசீதுகளைப் புரட்டினால் போதும். சொன்ன தேதியில், சொன்ன அளவு முழுவதும் வந்த லாட்கள் எத்தனை? க மில் 20இல் 16, அதாவது 80 சதவீதம். ச மில் 20இல் 19, 95 சதவீதம். த மில் 25இல் 22, 88 சதவீதம். இங்கும் ஒரு குழி இருக்கிறது. மில் போன் செய்து தேதியைத் தள்ளிப்போடும், பர்சேஸ்காரர் சிஸ்டத்தில் புதுத் தேதியைப் பதிவார், புதுத் தேதியில் லோடு வந்ததும் அது "நேரத்துக்கு வந்தது" என்று ஏறிவிடும். முதலில் ஒப்புக்கொண்ட தேதியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் எல்லா மில்லும் 100 சதவீதம் வாங்கிவிடும், டெலிவரிக்குக் கொடுத்த 25 வெயிட்டேஜ் வெறும் அலங்காரமாகிவிடும்.

| | க | ச | த |
|---|---|---|---|
| வந்து சேரும் விலை (ரூ./கிலோ) | 256 | 262 | 268 |
| கழிவு (1000 கிலோவுக்குக் கிலோ) | 18 | 9 | 6 |
| நேரத்துக்கு முழுதாக வந்தது (%) | 80 | 95 | 88 |

இவற்றை அப்படியே பெருக்கிக் கூட்டக்கூடாது என்பது பார்த்தாலே தெரியும். விலையும் கழிவும் குறையக் குறைய நல்லவை. டெலிவரி கூடக் கூட நல்லது. நேரே கூட்டினால் அதிக விலை கேட்டவருக்கு அதிக மார்க் போகும். இந்தப் பிழையை அநேகமாக யாரும் செய்வதில்லை. பரவலாக நடப்பது வேறு: ஒவ்வொரு துறையையும் பத்துக்கு மார்க் போடச் சொல்வார்கள். பர்சேஸ்காரர் விலைக்கு 9, 6, 3 என்று தாராளமாக விரித்துப் போடுவார். குவாலிட்டி மேனேஜருக்கு எந்த மில்லோடும் பகை வேண்டாம். 8, 8, 7 என்று முடித்துவிடுவார். தரத்துக்கு 35 வெயிட்டேஜ் இருந்தும், மில்களுக்கு இடையே ஒரு மார்க் வித்தியாசம்தான் என்றால் அந்த 35 முடிவை அசைக்கவே அசைக்காது. வெயிட்டேஜின் உண்மையான பலம், அது பெருக்கும் மார்க்குகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆகவே துறைத் தலைவர்களின் மனக்கணிப்பை விட்டு, அளந்த எண்ணிலிருந்து ஒரே விதிப்படி மார்க் எடுப்பதே நேர்மை.

அப்படி எடுக்கும் ஒரு விதி தமிழ்நாட்டுப் பெற்றோர்களுக்கு நன்றாகப் பழக்கமானது. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200 மார்க்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்பது வெயிட்டேஜ். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தின் அதிகபட்ச மார்க் 100 ஆகவும், வேறொரு போர்டில் அதே பாடத்தின் அதிகபட்சம் 90 ஆகவும் இருந்தால், இரண்டையும் 100 என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த போர்டில் 60 வாங்கிய மாணவருக்கு 66.67 என்று மாற்றிக் கணக்கிடுகிறார்கள். முதல் ஆளை 100 ஆக்கி, மற்றவர்களை அந்த விகிதத்தில் வைப்பது. உலக வங்கி நிதியில் ஆலோசனை நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கும்போதும், மிகக் குறைந்த விலைக்கு 100 கொடுத்து, மற்ற விலைகளுக்கு அதே விகிதத்தில் மார்க் குறைக்கும் முறை உண்டு.

முதல் எக்செல் தாள் இந்த விகித முறையில் போட்டது. விலையில் க மில்லுக்கு 100. ச மில்லுக்கு 256ஐ 262ஆல் வகுத்து 97.7. த மில்லுக்கு 95.5. கழிவில் த மில்லுக்கு 100, ச மில்லுக்கு 66.7, க மில்லுக்கு 33.3. டெலிவரியில் ச 100, த 92.6, க 84.2. வெயிட்டேஜால் பெருக்கிக் கூட்டினால் த மில் 96.4, ச மில் 87.4, க மில் 72.7. த மில் வெற்றி.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. விலைக்கு 40 வெயிட்டேஜ் என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். ஆனால் விலை மார்க் 95.5க்கும் 100க்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த 4.5 மார்க் வித்தியாசத்தை 40 சதவீதத்தால் பெருக்கினால், மொத்தத்தில் 1.8 மார்க். கழிவிலோ மில்களுக்கு இடையே 67 மார்க் விரிசல். அதன் 35 சதவீதம் 23 மார்க். பெயருக்கு விலைதான் பெரிய அம்சம், ஆனால் வெற்றியை முடிவுசெய்வது கழிவு ஒன்றே. காரணம் எளிது. ஒரே நூலுக்கு மில்கள் கேட்கும் விலை சில சதவீதமே வேறுபடும். கழிவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபடும். விகித முறை இந்தப் பெருக்கத்தை அப்படியே மார்க்கில் கொண்டுவந்துவிடுகிறது.

இரண்டாவது தாளைப் போட்டவர் இந்தக் குறையைப் பார்த்திருக்கிறார். அதனால் மிக நல்லவருக்கு 100, மிக மோசமானவருக்கு 0, நடுவில் இருப்பவருக்கு அந்தத் தூரத்தின் பங்கு என்று மாற்றினார். விலையில் க 100, த 0, நட்டநடுவில் நிற்கும் ச 50. கழிவில் த 100, க 0, ச 75. டெலிவரியில் ச 100, க 0, த 53.3. இப்போது மூன்று அம்சங்களும் 0 முதல் 100 வரை முழுதாக விரிந்திருப்பதால் வெயிட்டேஜ் நினைத்தபடி வேலை செய்கிறது. கூட்டினால் ச மில் 71.3, த மில் 48.3, க மில் 40. ச மில் வெற்றி.

பார்க்க நியாயமாக இருக்கிறது. பல நிறுவனங்களின் ரெடிமேட் எக்செல் தாள்களும் இப்படித்தான் கணக்குப் போடுகின்றன. ஆனால் இதற்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. 0 எங்கே, 100 எங்கே என்பதை நிறுவனம் முடிவு செய்யவில்லை. அந்த வாரம் யார் யார் கொட்டேஷன் போட்டார்களோ அவர்கள் முடிவு செய்கிறார்கள். மூன்று மில்லும் 256, 256.50, 257 என்று போட்டிருந்தாலும் 257 கேட்டவருக்கு விலையில் 0 மார்க்தான். ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு 40 மார்க் பறிபோகும்.

இதைவிட மோசமானது நான்காவது கொட்டேஷன். ஃபைலில் எண்ணிக்கை காட்டுவதற்காக, ஆர்டர் கிடைக்க வாய்ப்பே இல்லாத ஒரு மில்லிடமும் விலை கேட்டு வாங்குவது பல இடங்களில் உள்ள பழக்கம். அப்படி ஒரு ப மில் 316 ரூபாய் போடுகிறது, கழிவு 10 கிலோ, டெலிவரி 50 சதவீதம். அதற்குக் கிடைக்கும் மொத்த மார்க் 23தான். அது ஜெயிக்கப் போவதில்லை. ஆனால் அது வந்ததும் விலையின் கடைசி எல்லை 268இலிருந்து 316க்கும், டெலிவரியின் கடைசி எல்லை 80இலிருந்து 50க்கும் போய்விடுகிறது. அதுவரை விலையில் 0 வாங்கிக்கொண்டிருந்த த மில்லுக்கு இப்போது 80. ச மில்லுக்கு 90. டெலிவரியில் த மில் 53இலிருந்து 84க்கு ஏறுகிறது. மறுபடி கூட்டினால் த மில் 88.1, ச மில் 87.3. முதலிடம் கைமாறிவிட்டது.

ச மில்லிலும் த மில்லிலும் எதுவும் மாறவில்லை. போட்டியில் இல்லாத ஒருவர் வந்து நின்றதும் முடிவு புரண்டது. யாருக்கு ஆர்டர் போக வேண்டும் என்று ஒருவர் முன்பே மனதில் நினைத்திருந்தால், சரியான நான்காவது கொட்டேஷனைத் தேடிப் பிடிப்பதே அவருக்குப் போதும். எண்களோடு, கையெழுத்தோடு, எல்லாம் விதிப்படி நடந்ததாகவே ஃபைல் காட்டும். விகித முறையும் இதிலிருந்து முழுக்கத் தப்பாது. அதில் 100க்கான இடத்தைச் சிறந்த எண் முடிவு செய்கிறது. யாரோ ஒருவர் நம்ப முடியாத குறைந்த விலை போட்டால், மற்ற எல்லோருடைய விலை மார்க்கும் நகரும்.

இதற்கு மருந்து, எல்லைகளைக் கொட்டேஷன் வருவதற்கு முன்பே, நிறுவனத்தின் சொந்த லாப நஷ்டத்திலிருந்து எழுதி வைப்பது. நம் நிறுவனத்துக்குக் கையில் இருக்கும் ஏற்றுமதி ஆர்டரில், நூல் கிலோ 280 ஆனால் லாபம் இல்லை. எனவே 280க்கு 0. இப்போதைய பஞ்சு விலையில் 250க்குக் கீழ் இந்த நூலை எதிர்பார்க்க முடியாது, எனவே 250க்கு 100. கழிவு 20 கிலோவைத் தாண்டினால் துணி பற்றாமல் போய் ஷிப்மென்டில் பீஸ் குறையும், அதற்கு 0. 5 கிலோவுக்குக் கீழ் போனால் அதற்குமேல் பெரிய பயன் இல்லை, அதற்கு 100. டெலிவரியில் 75 சதவீதத்துக்கு 0, 100 சதவீதத்துக்கு 100. இனி கணக்கு எல்லா அம்சத்துக்கும் ஒன்றே:

```
மார்க் = 100 × (கிடைத்த எண் − மோசமான எல்லை)
             ÷ (நல்ல எல்லை − மோசமான எல்லை)
```

விலைக்கும் கழிவுக்கும் தனிச் சூத்திரம் தேவையில்லை. நல்ல எல்லை சிறியதாக இருப்பதால் மைனஸ் குறிகள் தாமாகவே அடிபட்டுவிடும். ச மில்லின் விலை 262. அதிலிருந்து 280ஐக் கழித்தால் −18. 250இலிருந்து 280ஐக் கழித்தால் −30. வகுத்து நூறால் பெருக்கினால் 60 மார்க். இப்படியே விலையில் க 80, ச 60, த 40. கழிவில் க 13.3, ச 73.3, த 93.3. டெலிவரியில் க 20, ச 80, த 52. வெயிட்டேஜோடு கூட்டினால் ச மில் 69.7, த மில் 61.7, க மில் 41.7. நான்காவது மில் வந்தாலும் வராவிட்டாலும் இந்த மூன்று எண்களும் அசையாது.

எல்லைகளை எழுதிவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. வெயிட்டேஜுக்கு அப்போதுதான் அர்த்தமே வருகிறது. "விலைக்கு 40" என்று மொட்டையாகச் சொன்னால் எதுவும் புரியாது. 280 ரூபாயிலிருந்து 250க்கு இறங்குவதற்கு 40 மார்க் என்றால், ஒரு ரூபாய்க்கு 1.33 மார்க். கழிவு 20 கிலோவிலிருந்து 5க்குக் குறைவதற்கு 35 மார்க் என்றால், ஒரு கிலோவுக்கு 2.33 மார்க். ஒன்றை மற்றதால் வகுத்தால், கழிவில் ஒரு கிலோ குறைவதற்காக நூலுக்குக் கிலோவுக்கு 1.75 ரூபாய் அதிகம் கொடுக்க இந்த நிறுவனம் தயார் என்று பொருள். 1000 கிலோ நூலுக்கு அது 1750 ரூபாய்.

இந்த எண்ணை முதலாளி முன் வைத்துக் கேட்க வேண்டும்: "ஒரு கிலோ துணி கழிந்தால் உண்மையிலேயே 1750 ரூபாய் நஷ்டமா?" நூல், நிட்டிங், சாயம் எல்லாம் சேர்த்தால்கூட அந்தத் துணியின் அடக்க விலை அதைவிட மிகக் குறைவு. ஆனால் கழிவு சாயத்துக்குப் பிறகு தெரிந்து, அதே ஷேடில் சிறு லாட் ஒன்றை மறுபடி சாயமேற்றி, தேதி தவறி, சரக்கைக் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்ப நேரும் நிறுவனத்தில் அந்தத் தொகை குறைவாகக்கூட இருக்கலாம். உள்ளூர்ச் சந்தைக்கு பனியன் தைப்பவருக்கு அது நிச்சயம் அதிகம். அவர் தரத்தின் வெயிட்டேஜைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெயிட்டேஜை இப்படி ரூபாயாக மாற்றிக் கேட்கும்வரை அது யாரோ சொன்ன எண்தான். அதே நேரம், கழிந்த துணியின் விலையை ஏற்கெனவே வந்து சேரும் விலையில் கூட்டியிருந்தால், கழிவுக்குத் தனியாகவும் மார்க் போடக்கூடாது. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை ஆகிவிடும்.

கூட்டல் முறைக்கே உரிய ஆபத்து ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதில் ஓர் அம்சத்தின் பலவீனத்தை இன்னோர் அம்சத்தின் பலம் மூடிவிடும். 250 ரூபாய்க்கு நூல் கொடுத்து, எல்லா லாட்டையும் தேதி தவறாமல் அனுப்பி, 30 கிலோ கழிவு தரும் மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தரத்தில் 0 வாங்கினாலும் அதன் மொத்தம் 65. த மில்லையே முந்திவிடும். அந்த நூலை ஏற்றுமதி ஆர்டருக்குத் தொடவே முடியாது. எனவே 0 எல்லையைத் தாண்டிய மில்லுக்கு மார்க்கே போடக்கூடாது. வாசலிலேயே நிறுத்த வேண்டும். 316 கேட்ட ப மில்லும் அப்படித்தான் வெளியே போகிறது. மார்க் போடுவது, தகுதி உள்ளவர்களுக்குள் வரிசை பார்க்க மட்டுமே.

புதிய மில்லுக்குப் பழைய பதிவு இருக்காது. அதற்காக டெலிவரிக்குச் சராசரி மார்க் கொடுத்துவிடுவது வழக்கம். அது தெரியாத எண்ணைத் தெரிந்ததாக எழுதுவது. அதைவிட ஒரு சிறு லாட் வாங்கி, பின்னி, சாயம் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் வரிசையில் சேர்ப்பது நல்லது.

கடைசியாக, ச மில்லுக்கும் த மில்லுக்கும் இடையே உள்ள 8 மார்க் எவ்வளவு உறுதியானது? வெயிட்டேஜை மாற்றிப் பார்க்கலாம். தரத்துக்கு 50, விலைக்கு 30, டெலிவரிக்கு 20 என்று போட்டாலும் ச மில்தான் 1.6 மார்க்கில் முந்துகிறது. தரத்தை 55க்கு ஏற்றி, விலையை 25க்கு இறக்கும்போதுதான் த மில் மயிரிழையில் மேலே வருகிறது. ஆக, வெயிட்டேஜ் பற்றிய தகராறு இங்கே பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் டெலிவரி எண் செய்யும். ச மில்லின் 95 சதவீதம் என்பது 20இல் 19 லாட். இன்னும் ஒரு லாட் தாமதமாகியிருந்தால் டெலிவரி மார்க் 60 ஆகும், மொத்தம் 64.7, இன்னமும் முதலிடம்தான். இரண்டு லாட் தாமதமாகியிருந்தால் மொத்தம் 59.7, த மில் முந்திவிடும். ஓராண்டில் இரண்டு லாரிகள் நேரத்துக்கு வந்ததா என்பதில்தான் இந்த வெற்றி நிற்கிறது. ஆகவே வெயிட்டேஜைப் பற்றி இன்னொரு கூட்டம் போடுவதைவிட, அந்த 20 ரசீதுகளின் தேதிகளை ஒருமுறை சரிபார்ப்பது பயனுள்ளது. தேதிகள் சரிதான் என்றாலும் முழு ஆர்டரையும் ச மில்லுக்கே கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பகுதியை ச மில்லுக்கும், வெள்ளை இழையையும் பட்டையையும் பொறுக்காத கருநீலம், கறுப்பு ஆர்டர்களின் நூலை த மில்லுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். பிரிக்கும்போது ஒரே சாய லாட்டில் இரண்டு மில் நூலும் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை கொட்டேஷன் கவர்களைப் பிரிப்பதற்கு முன், ஒரு தாளில் ஒன்பது எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: விலை, தரம், டெலிவரி ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல எல்லை, ஒரு மோசமான எல்லை, ஒரு வெயிட்டேஜ். தேதி போட்டு, பர்சேஸ், குவாலிட்டி, புரொடக்‌ஷன் மூவரும் கையெழுத்திடுங்கள். அதன் பிறகு கவரைப் பிரியுங்கள்.